கிராஃபில் 498, சப்மீட்டரில் 612: வீட்டுக்காரருக்கு என்ன எழுதுவது?

கேள்வி

வணக்கம் மேடம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டின் மாடியில் ஒன்றரை வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் குடும்பம். முழு வீட்டுக்கும் ஒரே ஈபி இணைப்புதான். மாடிக்கு ஒரு சப்மீட்டர் கீழே ஈபி மீட்டர் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்காரர் அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய். இது குடிவந்தபோது வாயால் பேசியது, அக்ரிமென்டில் இல்லை. அக்ரிமென்டும் முத்திரைத்தாளில் எழுதியதுதான், பதிவு செய்யவில்லை. அட்வான்ஸ் 60,000 அவரிடம் இருக்கிறது.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மாடி மெயின் பெட்டிக்குள் ஒயரைக் கவ்வும் வைஃபை மீட்டர் ஒன்று மாட்டியிருக்கிறேன். தினமும் எத்தனை யூனிட் என்று செல்போனில் கிராஃப் வரும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் சேர்த்து அது 498 காட்டுகிறது. வீட்டுக்காரர் ஏப்ரல் 3 முதல் ஜூன் 2 வரை 612 யூனிட் என்று 5,508 ரூபாய் கேட்கிறார். மே 14, 15, 16 மூன்று நாளும் வீட்டைப் பூட்டி, வைஃபையை அணைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தோம். ஃபிரிட்ஜ் மட்டும் ஓடியது. கிராஃபில் அந்த நாட்கள் பூஜ்யம். என் மீட்டர் சரியாக அளக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

498 யூனிட்டுக்கு ஈபி கணக்குப்படி சுமார் 1,790 ரூபாய்தான் வருகிறது. சர்வீஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தேன்: முழு வீட்டுக்கும் 1,312 யூனிட், 10,474 ரூபாய். பாதிக்கு மேல் என் தலையில் கட்டுகிறார். கீழே உள்ள செய்தியை ஸ்கிரீன்ஷாட்டோடு அவருக்கும், தெரு வாட்ஸ்அப் குரூப்பிலும் போடலாமா? ஈபியில் புகார் கொடுக்கலாமா?

"சார், கிராஃபைப் பாருங்க. நான் எரிச்சது 498 யூனிட்தான். இவ்வளவு நாளா இப்படித்தான் ஏமாத்தினீங்களா? 1,790 ரூபாய்க்கு மேல ஒரு பைசா தர மாட்டேன்."

பெயர் வேண்டாம், கடலூர்

பதில்

வணக்கம். செய்தியை இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள். உங்கள் பக்கம் ஒன்றுமே இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. உங்களிடம் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. ஆனால் இந்தச் செய்தி அதை விட்டுவிட்டு, நிற்காத மூன்று விஷயங்களைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகிறது. நீங்கள் அனுப்பிய மூன்று ஸ்கிரீன்ஷாட்டுகளையும் ஒவ்வொரு பட்டையாகப் பார்த்தேன். அதிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் தேதிகள்

உங்கள் 498 என்பது ஏப்ரல் 1 முதல் மே 31 வரை. அவருடைய 612 ஏப்ரல் 3 முதல் ஜூன் 2 வரை. இரண்டும் வேறு வேறு காலம். ஏப்ரல் முதல் இரண்டு நாட்களில் நீங்கள் ஏசி போட்டதாகத் தெரியவில்லை. பட்டைகள் ஆறு ஆறு யூனிட்தான். ஜூன் முதல் இரண்டு நாட்களில் 11, 12 என்று ஏறியிருக்கிறது. முன்னதில் 12-ஐக் கழித்து, பின்னதில் 23-ஐக் கூட்டினால் 509 வருகிறது. ஆப் மாதக் கணக்கில் கூட்டிக் காட்டுவதால் இந்தத் தவறு எல்லோருக்கும் நடக்கும். ரீடிங் எடுத்த தேதியிலிருந்து தினப் பட்டைகளை நீங்களே கூட்டினால்தான் ஒப்பிட முடியும்.

அடுத்தது அந்த மூன்று பூஜ்யங்கள். அவற்றைச் சாட்சி என்கிறீர்கள். வீட்டுக்காரர் கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருந்தால் முதலில் கேட்பது அதைத்தான்: "ஃபிரிட்ஜ் ஓடிச்சுன்னு சொல்றீங்களே தம்பி, அப்புறம் எப்படி பூஜ்யம்?" கேள்வி நியாயம்தானே? ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். வைஃபை இல்லாததால் உங்கள் சாதனம் அந்த நாட்களின் அளவை அனுப்பவில்லை, அவ்வளவுதான். சில சாதனங்கள் உள்ளுக்குள் கூட்டி வைத்திருந்து, இணைப்பு திரும்பி வந்ததும் மொத்தமாக அனுப்பும். அப்படி இருந்தால் 17-ஆம் தேதிப் பட்டை மற்ற நாட்களைவிட உயரமாக நிற்க வேண்டும். உங்கள் கிராஃபில் அது எட்டு யூனிட், பக்கத்து நாட்களைப் போலவே. ஆக அந்த மூன்று நாள் கணக்கு தொலைந்துவிட்டது. மூன்று யூனிட் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 512.

மின்தடை இல்லாமல் ரவுட்டர் மட்டும் நின்றுபோன வேறு நாட்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மணிக்கணக்குக் கிராஃபைத் திறந்தால் நடுவில் ஓட்டை விழுந்த இடம் தெரியும். ஒரு மணி நேரம்கூட முழுப் பூஜ்யமாக இருக்க முடியாது, ஃபிரிட்ஜ் இருக்கும் வீட்டில்.

இப்போது நேர்மையான வித்தியாசம் 100 யூனிட். ஒன்பது ரூபாய்க் கணக்கில் 900 ரூபாய். நீங்கள் சண்டைக்குத் தயாரானது 3,700 ரூபாய்க்கு. மீதி 2,800 எங்கே போனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த 100 யூனிட் எங்கே?

உங்கள் கடிதத்தில் சப்மீட்டர் கீழே, உங்கள் சென்சார் மாடியில் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். இரண்டு அளவுகோலும் ஒரே ஒயரில் இருந்தாலும் ஒரே இடத்தில் இல்லை. சப்மீட்டரிலிருந்து கிளம்பி உங்கள் மெயின் பெட்டிக்கு வருவதற்குள் வேறு ஏதாவது அந்த லைனில் இணைந்திருந்தால், அது சப்மீட்டரில் ஏறும், உங்கள் கிராஃபில் வராது. மாடிப்படி விளக்கு, மொட்டை மாடிக் குழாய் விளக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் மோட்டார். பழைய வீடுகளில் மாடிப் பகுதி பிற்பாடு கட்டியதாக இருந்தால், கைக்கு எட்டிய லைனிலிருந்து எலக்ட்ரீஷியன் மோட்டாருக்கு ஒயர் இழுத்துவிட்டுப் போயிருப்பார். வீட்டுக்காரருக்கே தெரிந்திருக்காது.

கணக்கும் கிட்டத்தட்ட அங்கேதான் போய் நிற்கிறது. 60 நாளில் 100 யூனிட் என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது சுமார் 1.1 கிலோவாட் இழுக்கும். தினமும் ஒன்றரை மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட் ஆகிவிடும். இரண்டு குடும்பம் இருக்கும் வீட்டில், கோடையில், ஒன்றரை மணி நேரம் ஒன்றும் அதிகம் இல்லை.

ஆனால் இதுவும் ஊகம்தான். வேறொரு காரணமும் இதே அளவு வித்தியாசத்தைக் கொடுக்கும்: உங்கள் சென்சார் குறைவாக அளக்கலாம். ஒயரைக் கவ்வும் அந்த வளையத்தின் வாய் முழுதாக மூடாமல் இம்மி அளவு இடைவெளி இருந்தாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். நெருக்கமான மெயின் பெட்டிக்குள் மாட்டும்போது இது அடிக்கடி நடக்கிறது. மறுபக்கம் சப்மீட்டர் வேகமாக ஓடவும் வாய்ப்பு உண்டு, குறிப்பாகப் பல வருடங்களுக்கு முன் மலிவாக வாங்கிப் போட்டதாக இருந்தால்.

எது காரணம் என்பதை வித்தியாசத்தின் போக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஒரு வாரம், தினமும் இரவு ஒரே நேரத்தில் சப்மீட்டர் எண்ணை போட்டோ எடுங்கள். தசம எண்ணும் தெரிய வேண்டும். அதே நேரத்தில் ஆப்பின் மொத்த யூனிட் எண்ணையும் எடுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது ஏசி போடாமல் இருங்கள். வேறு வேறு அளவு செலவான நாட்கள் இல்லாவிட்டால் இந்தச் சோதனை எதையும் சொல்லாது.

ஏசி இல்லாத நாளில் ஆப் 4, சப்மீட்டர் 5.6 என்றும், ஏசி ஓடிய நாளில் ஆப் 11, சப்மீட்டர் 12.6 என்றும் வந்தால், வித்தியாசம் இரண்டு நாளும் ஒன்றேதான். நீங்கள் எவ்வளவு எரித்தாலும் மாறாமல் தினமும் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் யாரோ இழுக்கிறார்கள் என்று அர்த்தம். மோட்டார் மீது சந்தேகம் உறுதியாகும். அதற்குப் பதில் ஏசி இல்லாத நாளில் 4-க்கு 4.8, ஏசி நாளில் 11-க்கு 13.2 என்று உங்கள் செலவோடு சேர்ந்து வித்தியாசமும் வளர்ந்தால், இரண்டு மீட்டரில் ஒன்று தப்பாக அளக்கிறது. அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் சென்சாரை. எலக்ட்ரீஷியனை வைத்து அதைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். அப்படியும் மாறாவிட்டால், சப்மீட்டரோடு தொடராக ஒரு புது மீட்டரைச் சில நாள் போட்டுப் பார்க்கலாம்.

மோட்டார் சந்தேகத்தைத் தீர்க்க இன்னும் குறுக்கு வழி ஒன்று உண்டு. வீட்டுக்காரர் வீட்டில் மோட்டார் ஓடும் நேரத்தில் உங்கள் மாடி மெயினை அணைத்துவிட்டுக் கீழே வந்து சப்மீட்டரைப் பாருங்கள். எலக்ட்ரானிக் மீட்டராக இருந்தால் சிவப்பு விளக்கு சிமிட்டும்; பழைய வட்டு மீட்டராக இருந்தால் வட்டு சுற்றும். உங்கள் வீடு முழுக்க அணைந்திருக்கும்போது அது படபடவென்று சிமிட்டினால் வேறு விளக்கம் தேவையில்லை. மோட்டாரை நிறுத்தியதும் சிமிட்டல் நின்றால் விஷயம் முடிந்தது. இதை நீங்கள் தனியாகச் செய்யாதீர்கள். அவரும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அவர் கண்ணால் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு ஸ்கிரீன்ஷாட்டே தேவைப்படாது. அதேபோல சப்மீட்டர் மூடியைத் திறப்பது, ஒயரைக் கழற்றுவது எதுவும் வேண்டாம். ஆபத்து ஒரு பக்கம். பக்கத்திலேயே சீல் வைத்த ஈபி மீட்டர் இருக்கும்போது அங்கே கை வைத்தீர்கள் என்ற பேச்சு வந்தால் பிரச்சனை உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

மோட்டார்தான் என்று தெரிந்தாலும் 900 ரூபாய் முழுதும் உங்களுக்குத் திரும்பாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தண்ணீரை நீங்களும்தான் பயன்படுத்துகிறீர்கள். பாதி 50 யூனிட், 450 ரூபாய் கேட்பது நியாயம். இதற்கு முந்தைய பில்களிலும் அதேபோல ஏறியிருக்கும். அதைப் பேசித்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் அந்தக் காலத்துக்கு இப்படிப்பட்ட சோதனை உங்களிடம் இல்லை.

1,790 ரூபாய்க் கணக்கு ஏன் நிற்காது

மீதி 2,800 ரூபாய் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் ஈபி கணக்கியில் 498 என்று போட்டபோது, மாடிக்குத் தனி இணைப்பு இருப்பதுபோலக் கணக்குப் போட்டது. முதல் 100 யூனிட் இலவசம், அடுத்தது குறைந்த விலை, அப்படிப் படிப்படியாக ஏறும். இந்தப் படிகள் ஓர் இணைப்புக்கு ஒருமுறைதான். உங்கள் வீட்டில் ஒரே இணைப்பு. மேலேயும் கீழேயும் சேர்ந்து 1,312 யூனிட் ஓடியிருப்பதால், கீழ்ப்படிகள் தீர்ந்து மேல்படி விலை வரைக்கும் போய்விட்டது.

நீங்களே எடுத்த பில்லை வைத்துப் பார்ப்போம். 10,474 ரூபாயை 1,312-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு ஏறக்குறைய எட்டு ரூபாய். அவர் ஒன்பது வாங்குகிறார், ஒரு ரூபாய் அதிகம் என்று நீங்கள் சொல்லலாம். அவர் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பாருங்கள். மாடியில் யாருமே இல்லை என்றால் அவருடைய 700 யூனிட்டுக்கு இப்போதைய விலையில் சுமார் 3,825 ரூபாய்தான் வந்திருக்கும். நீங்கள் எரித்த 612 சேர்ந்ததால் பில் 10,474 ஆகியிருக்கிறது. அதாவது உங்கள் பகுதியால் கூடியது 6,649 ரூபாய், யூனிட்டுக்கு 10.86. ஒன்பது ரூபாய் வாங்கினால் தனக்கு நஷ்டம் என்று அவர் சொன்னால், அதிலும் கணக்கு இருக்கிறது.

எட்டும் சரி, பத்தே முக்காலும் சரி, எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதுதான் வேறுபாடு. ஒன்பது நடுவில் இருக்கிறது. மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றரை வருடம் எதுவும் சொல்லாமல் கட்டி வந்த விலையைப் பின்தேதியிட்டுக் குறைக்கச் சொல்வதும் எளிதில்லை. இனிமேல் வரும் பில்களுக்கு "ஈபி பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் விலை" என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். ஈபி விலை மாறினாலும் தானாக மாறிக்கொள்ளும். அவர் ஒத்துக்கொள்ளக்கூடிய பேச்சும் இதுதான்.

ஈபி, தெரு குரூப், சட்டம்

ஈபியில் புகார் கொடுத்துப் பயன் இல்லை. அவர்களுடைய நுகர்வோர் வீட்டுக்காரர். அவர்களுடைய பொறுப்பு ஈபி மீட்டரோடு முடிகிறது. சப்மீட்டர் தனியார் பொருள். அதைச் சோதிக்கவோ, அதன் கணக்கைத் தீர்த்துவைக்கவோ அவர்கள் வர மாட்டார்கள்.

தெரு குரூப்பில் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். "ஏமாத்தினீங்களா" என்று பத்துப் பேர் பார்க்க எழுதி, பிறகு மோட்டார் லைன்தான் காரணம் என்று தெரிந்தால் உங்கள் மீது அவதூறு என்று அவர் கிளம்ப இடம் கொடுக்கிறீர்கள். அதைவிட, மன்னிப்புக் கேட்டாலும் பழைய உறவு திரும்பாது. உங்கள் அட்வான்ஸ் அவரிடம் இருக்கிறது.

பணத்தை நிறுத்தி வைக்கவும் நான் சொல்ல மாட்டேன். சண்டையில் இருக்கும் 900-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு 4,608 கட்டலாம், அதில் தவறில்லை. ஆனால் பதிவு செய்யாத அக்ரிமென்ட், வாயால் பேசிய விலை என்று இருக்கும்போது "வாடகைக்காரர் கரண்ட் பில் பாக்கி" என்ற பேச்சுக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? உங்கள் இடத்தில் நான் இருந்தால் முழுத் தொகையையும் வங்கி வழியாக அனுப்பிவிட்டு, கணக்கு தெளிந்ததும் அடுத்த பில்லில் கழிக்கலாம் என்று எழுதிவிடுவேன். எழுத்தில் கேள்வி எழுப்பிக் கட்டினால், ஒத்துக்கொண்டு கட்டியதாக ஆகிவிடாது.

ஒருவேளை பேச்சு முற்றி அவர் ஃபியூஸைப் பிடுங்கினால்? அதை அவர் செய்யக் கூடாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தி வைப்பதைத் தடை செய்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் அந்தச் சட்டப்படி வாடகை அதிகாரியாக இருப்பார். அவரிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம். அதே சட்டம் வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யவும் சொல்கிறது. நீங்கள் இருவரும் அதைச் செய்யவில்லை. மனு கொடுக்கப் போனால் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுவாக இருக்கும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது பதிவு செய்துவிடுங்கள், அதில் கரண்ட் கணக்கையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டின் சட்ட மதிப்பு பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் காட்ட அதற்கான சான்றிதழ் வேண்டும். 900 ரூபாய் விஷயம் அதுவரை போகாது, போகவும் வேண்டாம். ஆனாலும் சாதனத்தை ரீசெட் செய்யாதீர்கள், ஆப்பை நீக்காதீர்கள். பழைய கணக்கெல்லாம் அழிந்துவிட்டால் கையில் வெறும் படம்தான் மிஞ்சும்.

செய்தி எப்படி இருக்கலாம்

மூன்று படங்கள் போதும். போன முறை அவர் அனுப்பிய சப்மீட்டர் போட்டோ, இந்த முறை அனுப்பியது, உங்கள் ஆப்பின் தினக் கிராஃப். கிராஃபை வெட்டாமல், தேதியும் பக்கவாட்டு அளவுகளும் தெரியும்படி அனுப்புங்கள். நீங்கள் எனக்கு அனுப்பிய முதல் படத்தில் பட்டைகள் மட்டும்தான் இருந்தன. அதைப் பார்க்கிறவருக்கு ஒரு பட்டை ஐந்து யூனிட்டா, ஐம்பதா என்று தெரியாது. மூன்று நாள் ஓட்டையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர் கண்டுபிடித்துச் சொன்னால் மற்ற நாட்களின் கணக்கையும் நம்ப மாட்டார்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். அவர் அனுப்பிய போட்டோக்களில் உள்ள எண்களையே எடுத்திருக்கிறேன்:

> சார், வணக்கம். சப்மீட்டர் ஏப்ரல் 3-இல் 4,318, ஜூன் 2-இல் 4,930. உங்கள் போட்டோப்படி 612 யூனிட், கூட்டல் சரிதான். மாடி மெயின் பெட்டியில் நான் வைத்திருக்கும் மீட்டரில் அதே தேதிகளுக்கு 509 வருகிறது. மே 14 முதல் 16 வரை வைஃபை அணைந்திருந்ததால் அந்த நாட்கள் பதிவாகவில்லை. ஃபிரிட்ஜுக்கு மூன்று யூனிட் சேர்த்தால் 512. மீதி 100 யூனிட் எப்படி என்று தெரியவில்லை. என் மீட்டரிலும் தவறு இருக்கலாம். சப்மீட்டருக்கும் மாடிக்கும் நடுவில் மோட்டார் லைன் சேர்ந்திருக்கிறதோ என்றும் ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் மோட்டார் போடும்போது நான் மாடி மெயினை அணைக்கிறேன், இருவரும் சேர்ந்து ஒரு தடவை பார்த்துவிடலாமா? பில் தொகை 5,508 இன்று அனுப்பிவிட்டேன். வித்தியாசம் ஏதாவது தெரிந்தால் அடுத்த பில்லில் சரிசெய்துகொள்ளலாம்.

இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனால் ரீடிங், தேதி, வித்தியாசம், கேள்வி, பணம் கட்டியது எல்லாம் எழுத்தில் வந்துவிட்டது. பிற்பாடு யாரிடம் காட்ட நேர்ந்தாலும் உங்களுக்கு இது உதவும். அவர் ஞாயிற்றுக்கிழமை வர மறுத்தால் ஒரு வாரக் கணக்கை எடுத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால், ஒரு வக்கீல் நோட்டீஸின் செலவே இந்தத் தொகையைவிட அதிகம் என்பதை மனதில் வைத்து முடிவெடுங்கள்.

தனி இணைப்பு

ஞாயிற்றுக்கிழமை பார்த்து முடித்ததும் அவரிடம் இன்னொன்றும் பேசுங்கள். மாடிக்குத் தனி வாசலும் தனிச் சமையலறையும் இருந்தால் தனி ஈபி இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம். அவர் விண்ணப்பிப்பது சுலபம். அவருடைய சம்மதக் கடிதத்தோடு நீங்களும் விண்ணப்பிக்கலாம். சம்மதம் தர மறுத்தால்கூட, குடியிருப்பதற்கான ஆதாரமும் ஈட்டுறுதிப் பத்திரமும் கொடுத்துக் கேட்க விதிகளில் வழி உண்டு. அப்போது டெபாசிட் அதிகமாகக் கேட்பார்கள். சண்டை போட்டு வாங்கும் இணைப்பாக அதை ஆக்காதீர்கள்.

சம்மதிக்க வைக்க அவரிடம் காட்ட வேண்டியது இந்தக் கணக்குதான். மோட்டார் அவர் பக்கம் போய்விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய 800 யூனிட்டுக்குச் சுமார் 4,770 ரூபாய் வரும். உங்கள் 512-க்குத் தனியாகச் சுமார் 2,140. இரண்டும் சேர்ந்து 6,910. இப்போது இதே மின்சாரத்துக்கு வீடு மொத்தமாக 10,474 கட்டுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். இணைப்புக்கும் ஒயரிங்குக்கும் ஆகும் செலவை அவர் பாதி, நீங்கள் பாதி என்று பகிர்ந்தாலும் இருவருக்கும் கட்டுப்படியாகும். இதில் இன்னொன்றும் கவனியுங்கள்: 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைக்கும் சலுகையில் ஒரு பகுதி போய்விடும். நீங்கள் 512-இல் இருக்கிறீர்கள். தனி இணைப்பு வந்த பிறகு, உங்கள் தினக் கிராஃப் அந்த 500-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள நன்றாகவே பயன்படும்.